பதினெட்டு நாளுக்கான காசு

எனக்குக் கை முந்தும், வாய் பிந்தும். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் உண்டு. கோழி வெட்டும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் கத்தி பிடித்தவன் நான். ஒருமுறை சாப்பாட்டு அறையில் என்னுடைய பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தவனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் பெட்டியை யாரும் தொடவில்லை. ஆட்கள் ஒதுங்கிப் போவதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தேன். இந்தக் கதையைச் சொல்ல நான் உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு இன்டர்நெட் பில். சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

என் தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது அவன் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றான். பிறகு பதினாறு வருடம் தொலைபேசியில் மட்டும்தான் அவன் வளர்ந்தான். இரண்டு வருடத்துக்கு முன் நான் இருந்த ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தான். அப்போது எனக்கும் மனைவிக்கும் ஒரே ஒரு அறைதான் இருந்தது. அதனால் பார்க்டேலில் நண்பர்கள் மூன்று பேரோடு ஒரு அறையில் படுத்துக்கொண்டு, இரவு முழுக்கப் பார்சல் பிரிக்கும் களஞ்சியத்தில் வேலை செய்தான். இந்த நாட்டில் எனக்கு இரத்த உறவு என்று இருந்தது அவன் ஒருவன்தான். அவனை என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்த இரண்டு வருடமும் எனக்கு வேறு ஆசையில்லை. வேலைக்கு மேல் வேலை செய்து, ஸ்காபரோவில் இரண்டு அறை உள்ள பேஸ்மென்ட் ஒன்றைப் பிடித்தேன். மேலே வீட்டுக்காரர், கீழே நானும் மனைவியும் தம்பியும்.

வாடகை ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து. ஆனால் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புது வீட்டுக்குப் போகிற ஆள் நானில்லை. வீட்டுக்காரரும் எங்கள் தமிழ் ஆள் என்பதால் விளங்கிக்கொண்டார், பேஸ்மென்ட் சும்மாதான் கிடக்கிறது, பாலைக் காய்ச்சிப்போட்டுப் போங்கோ என்று கதவுத் திறப்பைத் தந்தார். ஆடிக்கு மூன்று நாள் முன்னதாக, பதினான்காம் திகதி திங்கட்கிழமை நல்ல நாள் என்று கோயிலில் கேட்டு எடுத்தேன். அப்படிப் பால் காய்ச்சிவிட்டால் வீடு தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு ஆடியில் சாமான் ஏற்றினாலும் குற்றமில்லை.

அன்றைக்கே இன்டர்நெட் இணைப்பும் பூட்டினோம். அந்தப் பேஸ்மென்டுக்கு வெளியிலிருந்து புது வயர் இழுக்க வேண்டியிருந்தது. காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் ஆள் வரும் என்று சொல்லியிருந்தார்கள், எட்டரைக்கே வந்துவிட்டார். திங்கட்கிழமை ஏழரை ஒன்பது இராகு காலம். ஒன்பது அடிக்கும்வரை வயரில் கை வைக்கக்கூடாது என்று நான் தம்பியைக் கொண்டு சொல்லுவித்தேன். தம்பி அதை ஆங்கிலத்தில் என்னவென்று சொன்னானோ தெரியாது, அந்த மனிதர் சிரித்துக்கொண்டு தன்னுடைய வான் வண்டிக்குள் போய் இருந்தார். ஒன்பது அடித்ததும் கூப்பிட்டு ஒரு கிளாஸ் பால் கொடுத்தேன், குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தபோது அதன் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சந்தோசமாகத்தான் இருந்தோம்.

இன்டர்நெட் விசயத்தைத் தம்பிதான் பேசி முடித்தான். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். சேவை அவனுடைய பெயரில், பில் போவது அவனுடைய மின்னஞ்சலுக்கு, காசு போவது என்னுடைய வங்கிக் கணக்கிலிருந்து. மாதம் அறுபது, வரியோடு அறுபத்தேழு எண்பது என்று சொன்னான். பில் வந்தால் குறித்த திகதியில் வங்கியிலிருந்து தானாக எடுத்துக்கொள்வார்கள், நாங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றும் சொன்னான். என் கணக்கு இலக்கத்தைக் காட்டக் கோடிழுத்த செக் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற ஒரு வசனத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

வாடகை ஆயிரத்து எண்ணூறு. முதலாம் திகதிக்கு வீட்டுக்காரரிடம் செக் கொடுத்திருந்தேன். கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது வைத்திருந்தேன், அதாவது இன்டர்நெட் அறுபத்தேழு எண்பது போனாலும் மிச்சம் இருக்கும். நான் கணக்கில் பிழை விடுகிற ஆள் இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

முதலாம் திகதி சாமான் ஏற்றி வந்து சேர்ந்தோம். அடுத்த சனிக்கிழமை, ஒன்பதாம் திகதி காலை பத்து மணிபோல, காரைக் கழுவிக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் கையில் ஒரு கடதாசியோடு வெளியே வந்தார். பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டு நின்றான், எதிர் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள், அவர்களும் எங்கள் ஆட்கள். வீட்டுக்காரர் குரலைக் குறைக்கவில்லை. வந்து ஒன்பது நாளில் செக் திரும்பி வருகிறது, என்ன தம்பி இது என்றார். அதற்கு அவருடைய வங்கியும் தண்டம் எடுத்திருக்கிறதாம். வாடகை கட்ட வக்கில்லாதவர்களுக்கு இரண்டு அறை எதற்கு என்றும் கேட்டார்.

அந்தக் கடைசி வசனத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த தண்ணீர்க் குழாயை நிலத்தில் எறிந்தேன், அது பாம்பாகத் துள்ளி அவர் கட்டியிருந்த சாரத்தை நனைத்தது. அவர் ஓரடி பின்னுக்குப் போனார். என் வலது கை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும், இருதய ஒப்பரேசன் செய்த மனிதர், ஒரு குத்தில் விழுந்திருப்பார். வீடும் போயிருக்கும். அந்த நேரத்திலும் எனக்கு அது ஞாபகம் வந்தது, அதனால் அவரை விட்டுவிட்டு நீலக் குப்பைத் தொட்டியை உதைத்தேன். அது தெருவரை உருண்டது. இன்றைக்கு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. யாரை அடித்தால் நட்டம் வரும் என்று என் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அடித்தால் திருப்பி அடிக்காதவன் ஒருவன் கீழே நித்திரையாக இருந்தான்.

காருக்குள் இருந்து தொலைபேசியில் வங்கிக் கணக்கைத் திறந்தேன். முப்பத்தோராம் திகதி, இன்டர்நெட் கொம்பனி, நூற்று அறுபத்து மூன்று டொலர் அறுபத்தேழு சதம். அதற்கடுத்த வரியில் என்னுடைய செக் திரும்பியதற்குத் தண்டம். வாடகைக்குக் குறைந்தது பதின்மூன்று டொலர் அறுபத்தேழு சதம்தான். பதின்மூன்று டொலருக்கு முழுத் தெருவும் பார்க்க நின்றேன்.

ஜூலை இருபதுபோல் தம்பி ஏதோ அனுப்பியிருந்தது ஞாபகம் வந்தது. தேடி எடுத்தேன். பில்லின் இரண்டு பக்கத்தையும் படமாக அனுப்பியிருந்தான், அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. குரல் பதிவு கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை, வேலையில் கையுறையோடு நிற்கிறவனுக்கு அதெல்லாம் சரிவராது. முதல் பக்கத்தில் மொத்தத் தொகையும், அது ஜூலை முப்பத்தொன்றில் வங்கியிலிருந்து எடுக்கப்படும் என்ற வசனமும் இருந்தன. இரண்டாம் பக்கத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். இன்ஸ்டாலேஷன் ஐம்பது. அதற்குக் கீழே ஜூலை பதினான்கு தொடக்கம் முப்பத்தொன்று வரை, முப்பத்து நான்கு எண்பத்து நான்கு. அதற்குக் கீழே ஆகஸ்ட் ஒன்று தொடக்கம் முப்பத்தொன்று வரை, அறுபது. பிறகு வரி பதினெட்டு எண்பத்து மூன்று.

ஆகஸ்ட் விளங்கியது. ஜூலை விளங்கவில்லை. நாங்கள் குடிவந்தது ஆகஸ்ட் முதலாம் திகதி. ஜூலையில் அந்தப் பேஸ்மென்டில் ஒரு மனிதரும் இல்லை. ஜூலையில் இன்டர்நெட் பாவித்தது யார்? பார்க்டேலில் இருந்தவன் தம்பி. அவன் தன்னுடைய பழைய அறையின் காசை என்னுடைய கணக்கில் ஏற்றிவிட்டான் என்று ஒரு நொடியில் முடிவு கட்டினேன். யோசித்துக் கட்டிய முடிவில்லை. கோபத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, ஜூலை என்ற சொல் அந்த ஆளைக் காட்டித் தந்தது. பால் காய்ச்சிய நாளும் இன்டர்நெட் பூட்டிய நாளும் ஒன்று என்பதே அப்போது என் தலைக்குள் இருக்கவில்லை.

படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். தம்பி காலை எட்டு மணிக்குத்தான் வேலையால் வந்து படுத்திருந்தான். போர்வையை இழுத்தேன், அவன் புரண்டான். சட்டையின் கழுத்தில் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்தேன். முழங்கால் கட்டில் சட்டத்தில் அடிபட்ட சத்தம் கேட்டது. அவன் கண்ணைத் திறந்து, என்ன அண்ணை, ஆருக்கு என்ன என்று கேட்டான். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது, அதனால்தான் எழுப்புகிறேன் என்று நினைத்திருக்கிறான். அப்படியே இழுத்துக்கொண்டு குசினிக்கு வந்தேன். மனைவி தோசை ஊற்றிக்கொண்டு நின்றாள்.

தொலைபேசியை அவனுடைய முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“ஜூலைக் காசு ஆற்ற காசடா?”

நித்திரையிலிருந்து முழுதாக எழும்பாதவன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

“எங்கட காசுதான் அண்ணை,” என்றான்.

அது நேரான பதில். சரியான பதிலும் அதுதான். எனக்கு அது திமிராகக் கேட்டது. முதல் அடி கன்னத்தில். அவன் கையைத் தூக்கவில்லை, ஏன் அண்ணை என்று மட்டும் கேட்டான். இரண்டாவது அடி விரித்த கையால் இடது காதோடு விழுந்தது. வெடிச் சத்தம் மாதிரி ஒரு சத்தம் வந்தது, அது என் உள்ளங்கையில் இப்போதும் இருக்கிறது. அவன் சரிந்து மேசை விளிம்பில் மூக்கு அடிபட்டு நிலத்தில் விழுந்தான். விழுந்தவனைத் தொடையில் உதைத்தேன். இதை எழுதாமல் விடலாம் என்று யோசித்தேன். விட்டால் நான் இரண்டு அடிதான் அடித்தேன் என்று ஆகிவிடும். விழுந்த பிறகும் உதைத்தேன்.

மனைவி இடையில் வந்தாள். அவளைத் தோளில் பிடித்துத் தள்ளினேன், அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றாள். மறுபடியும் நான் குனிந்தபோது என் மணிக்கட்டில் நெருப்புப் பட்டது. அடுப்பில் கிடந்த சூட்டோடு தோசைக் கரண்டியை எடுத்து ஓங்கி அடித்திருந்தாள். பதினான்கு வருடக் கலியாணத்தில் அவள் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். மேலேயிருந்து வீட்டுக்காரர் காலால் நிலத்தைக் குத்தினார். சட்டியில் தோசை கருகிப் புகை வந்தது.

அவள் தொலைபேசியை நிலத்திலிருந்து எடுத்து அந்த இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஒண்டாம் திகதிக்குப் பூட்டுவமோ எண்டு உவன் உங்களிட்டக் கேட்டவன். ஆடிக்கு முன்னம் பூட்டச் சொன்னது நீங்கள். பதினாலாம் திகதி பொட்டு வைச்சது நீங்கள். உது உங்கட ஜூலைக் காசு.”

கேட்டவன்தான். ஞாபகம் வந்துவிட்டது. குடிவருகிற அன்றைக்கே பூட்டினால் சும்மா கிடக்கிற வீட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை அண்ணை என்று அவன் சொன்னவன். ஆடிக்குள் புதுச் சாமான் ஒன்றும் தொடங்கக்கூடாது, நான்கு காசுக்காக வீட்டைத் தரித்திரமாக்காதே என்று அதட்டியவன் நான். பதினெட்டு நாள் ஆளில்லாத பேஸ்மென்டில் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நான் கேட்டு எரிந்தது.

தம்பி எழும்பி இருந்தான். மூக்கிலிருந்து வடிந்த இரத்தத்தைச் சட்டையால் துடைத்தான். பிறகு இடது காதைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தான். அதிலும் மெல்லிய இரத்தம். அக்கா, இந்தப் பக்கம் ஒண்டும் கேக்கேல்லை, இரையுது என்று மனைவியைப் பார்த்துச் சொன்னான். அவளை அவன் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறவன். அன்றைக்கு ஏனோ அக்கா என்றான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரை ஓட்டினேன். அவர்கள் இருவரும் பின் ஆசனத்தில் இருந்தார்கள். மணிக்கட்டில் கரண்டி பட்ட இடம் பொங்கிக்கொண்டு வந்தது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன். வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இருபது நிமிட ஓட்டம், ஏழெட்டுச் சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் சொல்லலாம் என்று நினைத்து, பச்சை விழுந்ததும் காலை அழுத்தினேன்.

அவசரப் பிரிவில் பெயரைப் பதிந்துவிட்டு இருக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், கதிரை எல்லாம் நிறைந்திருந்தது. தம்பி காதில் பஞ்சோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். இரவு முழுக்க வேலை செய்தவன், இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டிருப்பான். மனைவி அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்தாள். எனக்கு இருக்க முடியவில்லை. நடைபாதைக்கு வந்து, தண்ணீர் மெசினுக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் குரல் பதிவை அப்போதுதான் அழுத்தினேன்.

“அண்ணை, இன்டர்நெட் பில் வந்திட்டுது. மொத்தத்தைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, முதல் பில் எண்டபடியாத்தான் கூட. இன்ஸ்டாலேஷன் ஐம்பது, அது ஒருக்காத்தான் வரும். நாங்கள் பதினாலாம் திகதி பூட்டினபடியா ஜூலையில மிச்சம் பதினெட்டு நாளுக்கு எடுக்கிறாங்கள். அறுபதை முப்பத்தொண்டால பிரிச்சுப் பதினெட்டால பெருக்கிப் பாத்தனான், முப்பத்திநாலு எண்பத்திநாலு, சரியா இருக்கு. மாசக் காசை இவங்கள் முன்னுக்கே எடுக்கிறவங்கள், அதால ஆகஸ்ட் அறுபதும் இதிலயே வருது. எல்லாத்துக்கும் மேல பதின்மூண்டு வீதம் வரி. மொத்தம் நூற்றி அறுபத்திமூண்டு அறுபத்தேழு. முப்பத்தோராம் திகதி உங்கட கணக்கில இருந்து தானா வெட்டுவாங்கள். அடுத்த நாள் வாடகைச் செக் போகுது, அதை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ. காசு காணாட்டிச் சொல்லுங்கோ, நான் போட்டுவிடுறன். அடுத்த மாசத்தில இருந்து அறுபத்தேழு எண்பதுதான்.”

பின்னால் களஞ்சியத்தில் பெல்ட் ஓடுகிற சத்தமும் கேட்டது. இடைவேளையில் நின்று, சாப்பிடுகிற நேரத்தில், கணக்குப் போட்டுப் பார்த்து அனுப்பியிருக்கிறான். நான் மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பில்லின் படத்தைத் திறந்து அவனுடைய குரலோடு சேர்த்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஐம்பது, முப்பத்து நான்கு எண்பத்து நான்கு, அறுபது, கூட்டினால் நூற்று நாற்பத்து நான்கு எண்பத்து நான்கு. அதற்கு வரி பதினெட்டு எண்பத்து மூன்று. ஒரு சதம் பிசகவில்லை. இவ்வளவு தெளிவான கடதாசியை நான் அதுவரை வாசித்ததில்லை. மூன்று கிழமை என் சட்டைப் பையிலேயே கிடந்திருக்கிறது. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அழுததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மணிக்குமேல் ஒரு தாதி அவனைக் கூப்பிட்டாள். நானும் எழும்பினேன். நீங்கள் இருங்கள் என்று என்னைக் கையால் காட்டி மறித்துவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவனை இருத்திக் கேள்வி கேட்டாள். அவள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. தம்பி சொன்னது நன்றாகக் கேட்டது, ஏனென்றால் ஒரு காது போனவனுக்குத் தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியவில்லை.

அவன் கதவில் முட்டிவிட்டேன் என்று சொல்வான் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்வதானால் அப்படியே நம்பினேன், அதற்காகக் கடவுளையும் கும்பிட்டேன். எங்கள் அப்பா அடித்த அடிகளுக்கெல்லாம் நாங்கள் வாத்தியாரிடம் சைக்கிளால் விழுந்தோம் என்றுதான் சொன்னோம். அந்தப் பழக்கம் அவனிடமும் இருக்கும் என்று நினைத்தேன்.

“மை பிரதர்,” என்றான். அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது.

பிறகு கொஞ்ச நேரம் அவள் எழுதினாள். இன்னொரு கேள்வி கேட்டாள். அவன் கையை விரித்துக் காட்டினான், இப்படி, கையால் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பொலிசைக் கூப்பிடவா என்று கேட்டிருக்க வேண்டும், வேண்டாம் என்றான். என் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்போது அவள் முன்னுக்குக் குனிந்து, அவனுடைய நல்ல காதுப் பக்கமாக இன்னுமொன்று கேட்டாள். அவன் கண்ணாடிக்குள்ளால் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, “நோ,” என்றான்.

அந்தக் கேள்வி என்னவென்று பிறகு மனைவி எனக்குச் சொன்னாள். அவள் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றவள். வீட்டுக்குத் திரும்பிப் போவது உங்களுக்குப் பாதுகாப்பா என்றுதான் தாதி கேட்டிருக்கிறாள்.

செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். தண்ணீர் படக்கூடாது, மூக்கைப் பலமாகச் சீறக்கூடாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே மூடிவிடும், மூடாவிட்டால் பார்க்கலாம் என்றார். நான் வாசலில் நின்றபடி கேட்டேன். தம்பி யாருக்கோ தொலைபேசி எடுத்தான். முக்கால் மணித்தியாலத்தில் பார்க்டேல் நண்பன் ஒருவன் காரோடு வந்தான். மனைவி தம்பியின் மருந்துச் சீட்டை அந்த நண்பனிடம் கொடுத்தாள், தம்பி அவனோடு போனான். இரண்டு வருடமாக ஆசைப்பட்டு எடுத்த அறையில் அவன் எட்டு நாள்தான் படுத்தான்.

வீட்டுக்காரருக்கு அன்றைக்கே வாடகையையும் தண்டத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மேலேயிருந்து எல்லாவற்றையும் கேட்டவர், என்னுடைய கண்ணைப் பார்க்காமல் எண்ணி எடுத்தார். மனைவி பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு போட்டாள், மணிக்கட்டுக்கு மருந்தும் வாங்கி மேசையில் வைத்தாள், கதைக்கவில்லை. தொழிற்சாலையில் கத்தி பிடிக்கும்போது அந்தச் சூட்டுக் கொப்புளம் இழுத்துப் பிடிக்கும். தம்பிக்கு ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. எழுதி அனுப்பலாம் என்றால் கைக்கு எழுத்து வரவில்லை. குரல் பதிவு ஒன்று போடத் தொடங்கி, பாதியில் அழித்தேன்.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவன் தன்னுடைய உடுப்புகளை எடுக்க வந்தான். வருவதாக மனைவிக்குத்தான் சொல்லியிருந்தான். நண்பன் வெளியே காரை நிறுத்திக்கொண்டு இருந்தான், எஞ்சினையும் நிற்பாட்டவில்லை. மனைவி தேத்தண்ணி கொடுத்தாள், நின்றபடியே குடித்தான். மெலிந்திருந்தான். அறைக்குப் போய்ப் பையை அடுக்கத் தொடங்கினான்.

நான் அறை வாசலுக்குப் போனேன். இந்த நான்கு கிழமையும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய வசனம் ஒன்று இருந்தது. என் வாழ்க்கையில் நான் யாரிடமும் சொல்லாத வசனம். அவன் குனிந்து பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று, குரல் எழும்பாமல், தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளடா என்றேன்.

அவன் நிமிரவில்லை. சிப்பை இழுத்து முடித்தான். பிறகு நான் நிற்பதை அப்போதுதான் கண்டவன்போலத் திரும்பிப் பார்த்தான். என் வாய் அசைந்ததைக் கண்டிருக்க வேண்டும்.

“அண்ணை, இந்தப் பக்கம் இன்னும் கேக்காது. மற்றப் பக்கம் வந்து சொல்லுங்கோ.”

கோபத்தில் சொல்லவில்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் சொன்னான். நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போனேன். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது காதை என் பக்கம் சாய்த்து, காத்துக்கொண்டு நின்றான். அவ்வளவு கிட்டத்தில் அவனுடைய முகத்தை நான் பார்த்து எத்தனையோ வருடம். மூக்கின் மேல் மேசை விளிம்பு பட்ட தழும்பு இருந்தது.

அந்த வசனம் இரண்டாம் தரம் வரவில்லை. அவன் பொறுமையாக நின்றான்.

“இந்த மாசம் பில் அறுபத்தேழு எண்பதுதான் வந்தது,” என்றேன். “முப்பத்தோராம் திகதி எடுத்திட்டாங்கள்.”

“ஓம் அண்ணை,” என்றான். “இனி அப்பிடித்தான் வரும்.”

பிறகு பையோடு படியேறிப் போய்விட்டான்.